டிவியில் படம் வராததற்குக் கிராபிக்ஸ் கார்டு காரணமா?

கேள்வி: "கல்யாண வீடியோ எடிட் பண்ணி பென்டிரைவ்ல கொடுக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு என்கோடிங் போட்டா 25 நிமிஷத்துல முடியுது, சாஃப்ட்வேர்னா நாலு மணி நேரம். ஆனா ஒரு கஸ்டமர் வீட்டுப் பழைய டிவில படம் வரல, சத்தம் மட்டும் வருது. ஹார்டுவேரை விட்டுட்டு சாஃப்ட்வேருக்கு மாறினா சரியாகுமா? பழைய டிவி, பழைய போன் எல்லாத்துலயும் ஓட என்ன செட்டிங் வைக்கணும்?"

மாறினால் மட்டும் சரியாகாது. இன்னும் மோசமாகவும் ஆகலாம், எனக்கு ஆகியிருக்கிறது. எதை வைத்து என்கோட் செய்தோம் என்பதை டிவி பார்ப்பதே இல்லை. ஃபைலுக்குள் இருப்பது எந்த வகை வீடியோ, அதை விரிக்கத் தன்னிடம் இருக்கும் சிப்பால் முடியுமா, இந்த இரண்டு மட்டும்தான் அதற்கு வேண்டும். கார்டா, சாஃப்ட்வேரா என்ற தேர்வு நேரத்தையும் ஃபைல் அளவையும் படத்தின் தரத்தையும் பாதிக்கும். ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பவை கோடெக் என்ற வீடியோ சுருக்கும் வகை, அதன் புரொஃபைல், லெவல், நிறத்துக்கு எத்தனை பிட் என்ற பிட் ஆழம் ஆகிய நான்கும். இரண்டும் ஒரே எக்ஸ்போர்ட் ஜன்னலில் அடுத்தடுத்து இருப்பதால் குழப்பம் வருகிறது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வரவேற்பு வீடியோ. கேமரா 10 பிட்டில் பதிவு செய்தது, எடிட்டில் இருந்து வெளியே எடுத்த மாஸ்டரும் 10 பிட். "பழைய டிவி, பத்திரமாகச் செய்வோம்" என்று கார்டை ஒதுக்கிவிட்டு, எச்.264 வகை வீடியோ செய்யும் எக்ஸ்264 சாஃப்ட்வேர் என்கோடரில் நிதானமான பிரிசெட் வைத்து ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் என் கணினியில் அருமையாக ஓடியது. கஸ்டமர் வீட்டில் கறுப்புத் திரை, நாதஸ்வரம் மட்டும் கேட்டது. நடந்தது இதுதான்: பிட் ஆழத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாததால், வந்த 10 பிட்டை அப்படியே வைத்துக்கொண்டு எக்ஸ்264 ஒரு 'ஹை 10' ஃபைலைச் செய்து கொடுத்துவிட்டது. கணினியில் பிளேயர் சாஃப்ட்வேராகவே விரித்துக் காட்டிவிடும். டிவியின் சிப் அந்த வகைக்குச் செய்யப்பட்டதே இல்லை. இதையே அன்று என்னிடம் இருந்த கார்டில் போட்டிருந்தால், எச்.264-இல் 10 பிட் முடியாது என்று அது முதல் நொடியிலேயே பிழை காட்டி நின்றிருக்கும். எட்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அதனால் முதலில் ஓடும் ஃபைல் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம், கார்டு விஷயத்துக்கு அப்புறம் வருவோம். பழைய கருவி என்றால் கோடெக்கில் யோசிக்க ஒன்றும் இல்லை, எச்.264 தான். அது 2003-இல் வந்த தரநிலை, யூஎஸ்பி வழியாக முழு ஹெச்டி வீடியோ ஓட்டும் டிவிகள் பரவியபோது அதற்கான சிப் ஏற்கெனவே பழகிவிட்டது. எச்.265 வந்தது 2013-இல். அதற்கு முன் செய்த டிவி எதிலும் அதை விரிக்கும் சிப் இருக்க வழியில்லை. அதற்குப் பின் வந்த விலை குறைந்த முழு ஹெச்டி மாடல்களிலும் இருக்கும் என்று நம்பிக் கொடுக்க முடியாது. உங்கள் கஸ்டமர் வீட்டில் சத்தம் வந்து படம் வராதது, எச்.265 அல்லது 10 பிட், இரண்டில் ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஃபைலைப் பார்த்தால் உறுதியாகிவிடும், எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

புரொஃபைல் என்பது என்னென்ன வித்தைகளை என்கோடர் பயன்படுத்தலாம் என்ற பட்டியல். பேஸ்லைன், மெயின், ஹை என்று ஏறுவரிசையில் போகும். முழு ஹெச்டி டிவிகளுக்கு 'ஹை' போதும், அதைத் தாண்டிய 'ஹை 10', 'ஹை 4:2:2' இரண்டும் ஸ்டூடியோ சமாச்சாரம். லெவல் என்பது அளவுக் கட்டுப்பாடு: ஒரு நொடிக்கு எவ்வளவு படம், எவ்வளவு பிட், எத்தனை பழைய ஃபிரேம்களை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கான உச்சவரம்பு.

லெவலை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். எச்.264 படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. 1920×1080 என்றால் குறுக்கே 120, நெடுக்கே 68, மொத்தம் 8,160 கட்டம். லெவல் 4.0-இன் வரம்பு நொடிக்கு 2,45,760 கட்டம். வகுத்தால் 30 ஃபிரேம் வருகிறது. அதாவது முழு ஹெச்டியில் 25, 30 ஃபிரேம் உள்ளே அடங்கும், 50 ஃபிரேம் அடங்காது, அதற்கு லெவல் 4.2 வேண்டும். அதே போல நினைவில் வைக்கும் கட்டங்களுக்கு வரம்பு 32,768. அதை 8,160-ஆல் வகுத்தால் நான்கு ஃபிரேம். எக்ஸ்264-இன் `veryslow` பிரிசெட் தன் இஷ்டத்துக்கு விட்டால் 16 ஃபிரேம் வரை பின்னால் திரும்பிப் பார்க்கும்! "தரம் கூடட்டும்" என்று அந்த பிரிசெட்டை வைத்து, லெவலைக் குறிப்பிடாமல் விடுபவர்கள் பழைய டிவியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். படம் வரும், ஆனால் அட்சதை தூவும்போதோ கேமரா வேகமாகத் திரும்பும்போதோ சதுரம் சதுரமாக உடையும், அல்லது திக்கித் திக்கி ஓடும்.

4கே 50 ஃபிரேம் 10 பிட் மாஸ்டரில் இருந்து டிவிக்கான பிரதி எடுக்க, ffmpeg என்ற இலவச மென்பொருளுக்கு நான் கொடுக்கும் கட்டளை இது. எடிட்டிங் சாஃப்ட்வேரின் எக்ஸ்போர்ட் ஜன்னலிலும் இதே விஷயங்களுக்கு இடம் இருக்கும், பெயர் கொஞ்சம் மாறலாம்.

```
ffmpeg -i master.mov -vf scale=1920:1080 -r 25 \
 -c:v libx264 -preset slow -crf 20 \
 -maxrate 10M -bufsize 10M \
 -profile:v high -level 4.0 -refs 4 -g 50 \
 -pix_fmt yuv420p \
 -c:a aac -b:a 192k -ar 48000 -ac 2 tv.mp4
```

என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வரி `-pix_fmt yuv420p`. 8 பிட், 4:2:0 என்று கட்டாயப்படுத்துவது அதுதான். `-maxrate`, `-bufsize` இரண்டும் சேர்ந்து பிட்ரேட் திடீரென்று எகிறாமல் பார்த்துக்கொள்ளும். லெவல் 4.0-இல் ஹை புரொஃபைலுக்கு 25 மெகாபிட் வரை இடம் உண்டு, ஆனால் பழைய டிவியின் யூஎஸ்பி வாசிப்பும் மலிவு பென்டிரைவும் அந்த உச்சத்துக்குத் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 10 என்பது என் அனுபவத்தில் நிம்மதியான எண், தரநிலை சொன்ன எண் அல்ல. `-r 25` என்பது 50-இல் சரிபாதி. உங்கள் மாஸ்டர் 60 என்றால் 30 வையுங்கள். 60-ஐ 25 ஆக்கினால் மணமக்கள் நடந்து வரும்போது படம் துள்ளும். `-g 50` இரண்டு நொடிக்கு ஒரு முழு ஃபிரேம் வைக்கிறது. சொல்லாமல் விட்டால் எக்ஸ்264 பத்து நொடி வரைக்கும் இழுக்கும், பாட்டி ரிமோட்டில் தாலி கட்டும் இடத்தைத் தேடும்போது படம் எங்கெங்கோ குதிக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தக் கட்டளை 10 பிட்டை 8 பிட் ஆக்குமே தவிர, ஹெச்டிஆர் நிறத்தைச் சாதாரண நிறமாக மாற்றாது. போனில் ஹெச்டிஆரில் எடுத்த துண்டுகள் டைம்லைனில் அப்படியே இருந்தால், டிவியில் படம் ஓடும், ஆனால் பட்டுப்புடவை சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும். எடிட் செய்யும் டைம்லைனையே சாதாரண ரெக்.709 நிறத்தில் வைத்து, போன் துண்டுகளை அங்கேயே மாற்றிவிடுவது நல்லது. அதைவிட நல்லது, படம் எடுக்கும் தம்பியிடம் போனில் ஹெச்டிஆரை அணைத்துவிடச் சொல்வது.

வெளியே வந்த ஃபைல் நாம் கேட்டபடி இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது.

```
ffprobe -v error -select_streams v:0 \
 -show_entries stream=codec_name,profile,pix_fmt,level,r_frame_rate \
 -of default=nw=1 tv.mp4
```

வர வேண்டிய பதில்:

```
codec_name=h264
profile=High
pix_fmt=yuv420p
level=40
r_frame_rate=25/1
```

`codec_name` இடத்தில் `hevc` என்று வந்தால் அது எச்.265. `profile` இடத்தில் `High 10`, `pix_fmt` இடத்தில் `yuv420p10le` என்று வந்தால் என் வரவேற்பு வீடியோ கதை. `level` 51, 52 என்று வந்தால் 4கே அளவு உள்ளேயே இருக்கலாம், அல்லது `veryslow` போல அதிக ஃபிரேம்களைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கலாம். கஸ்டமரிடம் கொடுத்த அந்த ஃபைலை இன்றைக்கே இப்படிப் பாருங்கள்.

அறிகுறியை வைத்தும் பாதி கண்டுபிடித்துவிடலாம். சத்தம் வந்து படமே வரவில்லை என்றால் கோடெக், புரொஃபைல், பிட் ஆழம் பக்கம் தேட வேண்டும். படம் வந்து சத்தம் இல்லை என்றால் ஒலி கோடெக் பக்கம். சில கேமராக்கள் எம்பி4 ஃபைலுக்குள்ளேயே சுருக்காத பிசிஎம் ஒலியை வைக்கும், அதை மாற்றாமல் அப்படியே கடத்தினால் பல டிவிகள் ஊமையாகிவிடும். அதற்குத்தான் ஏஏசி, ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ். கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டுக் கூட்டம் ஆடும் காட்சியில் மட்டும் திணறினால் பிட்ரேட், ஃபிரேம் வேகம், திரும்பிப் பார்க்கும் ஃபிரேம் எண்ணிக்கை இவற்றில் ஒன்று. பென்டிரைவைச் செருகியும் எதுவுமே தெரியவில்லை என்றால் வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பென்டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் ஆகியிருக்கும். பழைய டிவிக்கு ஃபேட்32 வேண்டும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 8 மெகாபிட் சராசரியில் கணக்குப் போட்டால் சுமார் 70 நிமிடம். மூன்று மணி நேர வீடியோவை முகூர்த்தம், வரவேற்பு என்று துண்டு போட்டுத்தான் கொடுக்க வேண்டும். கஸ்டமருக்கும் அதுதான் வசதி.

சரி, இப்போது கார்டு விஷயம். கார்டில் என்கோடர் என்பது தனியாகச் செதுக்கிய ஒரு சின்னப் பகுதி. விளையாட்டு ஓட்டும் கோர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் விலை உயர்ந்த கார்டு வாங்கினால் தரம் கூடாது, ஒரே தலைமுறைக் கார்டுகளில் பெரும்பாலும் ஒரே என்கோடர்தான். தலைமுறை மாறினால்தான் வித்தியாசம். (பெயரை நம்பியும் வாங்கக் கூடாது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 ஆரம்பத்தில் வந்தபோது டியூரிங் தலைமுறைப் பெயரோடு அதற்கு முந்தைய என்கோடரைச் சுமந்துகொண்டு வந்தது.) அந்தப் பகுதியால் ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு நேரம்தான் செலவழிக்க முடியும், வழிகளை அவ்வளவுதான் முயன்று பார்க்க முடியும். எக்ஸ்264 `slow` பிரிசெட்டில் 50 ஃபிரேம் முன்னால் எட்டிப் பார்த்து, எந்தக் கட்டம் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கும் உதவும் என்று கணித்து, அதற்கு அதிகப் பிட்டை ஒதுக்குகிறது. நான்கு மணி நேரம் போவது அங்கேதான்.

இந்த உழைப்பு எப்போது கண்ணுக்குத் தெரியும் என்றால், பிட் பற்றாக்குறை இருக்கும்போது. என் சோதனைத் துண்டு எப்போதும் ஒன்றுதான்: தாலி கட்டும் நொடிக்கு முன்பின் ஒரு நிமிடம். அட்சதை பறக்கும், ஓமப்புகை எழும், எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள், ஃபிளாஷ் அடிக்கும். ஒரு என்கோடருக்கு இதைவிடக் கடினமான நிமிடத்தை யாரும் உருவாக்க முடியாது. இதை முழு ஹெச்டியில் 2 மெகாபிட்டில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தால், கார்டு செய்ததில் புகை படிக்கட்டுப் படிக்கட்டாக உறையும், அட்சதை பறக்கும் இடத்தில் முகங்கள் குழையும். சாஃப்ட்வேர் செய்ததும் அழகாக இருக்காது, ஆனால் முகம் முகமாக இருக்கும். அதே நிமிடத்தை 10 மெகாபிட்டில் செய்து சோஃபாவில் உட்கார்ந்து பார்த்தால், டியூரிங்கும் அதற்குப் பின்னும் வந்த கார்டுகளில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், கஸ்டமர் அப்படிப் பார்ப்பதில்லை.

ஆக, பென்டிரைவுக்கு இடம் தாராளமாக இருக்கிறது, நீங்கள் கார்டையே வைத்துக்கொள்ளலாம். பழைய தலைமுறைக் கார்டு என்றால் பிட்ரேட்டை ஒரு கால் பங்கு கூட்டி வைப்பேன். இணையத்தில் ஏற்றி, சொந்தக்காரர்கள் மொபைல் டேட்டாவில் பார்க்கப் போகும் சிறிய பிரதி என்றால் சாஃப்ட்வேர்தான். அதுவும் 720 அளவு என்பதால் நான்கு மணி நேரம் ஆகாது. என்விடியா கார்டுக்கான கட்டளையில் மாறுவது நடுப்பகுதி மட்டும்:

```
-c:v h264_nvenc -preset p6 -rc vbr -cq 21 -b:v 0
```

இந்த வரி `-c:v libx264 -preset slow -crf 20` இருந்த இடத்தில் வரும். புரொஃபைல், லெவல், `yuv420p`, உச்ச பிட்ரேட் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு பொறி இருக்கிறது. பழக்க தோஷத்தில் `h264_nvenc` உடன் `-crf 20` என்று எழுதிவிடுவோம். அந்த என்கோடருக்கு அந்தச் சொல்லே தெரியாது. அந்த விருப்பத்தை யாரும் பயன்படுத்தவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரி கறுப்புத் திரையில் ஓடி மறையும், என்கோடர் தன் இயல்பு அளவான 2 மெகாபிட்டில் வேலையை முடித்துவிடும். "கார்டு என்கோடிங் படு கேவலம்" என்று சொல்பவர்களில் சிலர் பார்த்தது இந்த 2 மெகாபிட் ஃபைலாகத்தான் இருக்கும். மூன்று மணி நேர வீடியோ 3 ஜிபிக்குள் முடிந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். `-cq` எண்ணும் `-crf` எண்ணும் ஒரே அளவுகோல் அல்ல, இரண்டிலும் 20 என்றால் ஒரே தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய போனுக்கு டிவி பிரதியையே கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் எழுத்தில் உள்ள உறுதி வேறு: ஆண்ட்ராய்டு, மெயின் புரொஃபைலை விரிப்பதைக் கட்டாயமாக்கியது 6.0 பதிப்பில்தான். அதற்கு முன் பேஸ்லைன் மட்டுமே உத்தரவாதம். டிராயரில் கிடக்கும் அப்படிப்பட்ட போனில் ஓடியே ஆக வேண்டும் என்றால் 640×360, `-profile:v baseline -level 3.0`, 1 மெகாபிட் போதும். பேஸ்லைனில் பி-ஃபிரேமும் கிடையாது, நல்ல சுருக்க முறையும் கிடையாது, அதே தரத்துக்கு அதிகப் பிட் கேட்கும். அதனால் யாராவது கேட்டால் மட்டும் செய்யுங்கள், எல்லாருக்கும் அதையே கொடுத்து டிவியில் பார்ப்பவர்களைத் தண்டிக்க வேண்டாம்.

இதையெல்லாம் சரியாக வைத்தும் ஏதோ ஒரு டிவி அடம்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. தரநிலை சொல்வது சிப்புக்கு, டிவியின் பிளேயர் மென்பொருளை எழுதியவர் தன் போக்கில் சில வரம்பு வைத்திருப்பார். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் யூஎஸ்பி பற்றிய அட்டவணை இருந்தால், அதைப் போன் கேமராவில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் நான் செய்வது இது: அந்தத் தாலி கட்டும் நிமிடத்தை மட்டும் `-ss`, `-t 60` போட்டு வெட்டி, மூன்று ஃபைலாக்குவேன். ஒன்று மேலே சொன்னபடி, ஒன்று 720 அளவில் லெவல் 3.1, ஒன்று 720-இல் மெயின் புரொஃபைலும் 4 மெகாபிட்டும். மூன்றையும் ஒரு சின்ன பென்டிரைவில் போட்டு, முன்பணம் வாங்கப் போகும்போதே கஸ்டமர் வீட்டு டிவியில் செருகிப் பார்த்துவிடுவேன். எது ஓடுகிறதோ அந்த எண்ணை ஆர்டர் நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். உங்கள் கஸ்டமருக்கு இப்போது மறுபடி எடிட் எதுவும் தேவையில்லை. மாஸ்டர் இருந்தால், மேலே உள்ள கார்டு வரியோடு 25 நிமிடத்துக்குள்ளேயே வேறு பிரதி எடுத்துவிடலாம்.